பாதிக் குளியலில் அணைந்த கேஸ் கீசர்: 23 நாள், 5,000 ரூபாய்

எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில், மின்ட் பக்கம் போகிற ஒரு சந்தில். தரைத்தளத்தோடு சேர்த்து மூன்று தளம், நாங்கள் நடுவில். என் வீட்டுக்காரர் கப்பலில் வேலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். நானும் அத்தையும் பையனும்தான் இருக்கிறோம். அத்தைக்கு 71 வயது, இரண்டு முட்டியிலும் தேய்மானம். வெந்நீர் ஊற்றிக்கொண்டால்தான் காலையில் மாடிப்படி இறங்க முடியும். பழைய வயரிங், எலெக்ட்ரிக் ஹீட்டர் போட்டால் தாங்காது என்று எலெக்ட்ரீஷியன் சொன்னதால் நாலு வருடத்துக்கு முன்பே கேஸ் கீசர் வாங்கினோம். பேட்டரி போடுகிற சின்ன வகை இல்லை. கரண்டில் ஓடும், புகையை விசிறி வைத்துக் குழாய் வழியாக வெளியே தள்ளும், முன்னால் எத்தனை டிகிரி என்று எண் காட்டும். பாத்ரூமுக்கு வெளியே, துணி துவைக்கிற பால்கனியில் மாட்டியிருக்கிறது. இவ்வளவு விவரம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் வீட்டில் இருப்பது இந்த வகையா, பேட்டரி வகையா என்பதைப் பொறுத்து நான் பின்னால் சொல்லப்போவது கொஞ்சம் மாறும்.

மார்கழி பிறப்பதற்குப் பத்து நாள் முன்பு ஹவுஸ் ஓனர் அண்ணன் ஆள் வைத்து மொட்டைமாடி டேங்க்கைக் கழுவினார். டேங்க்கிலிருந்து இறங்குகிற பைப்பில் இருந்த கேட் வால்வு ஒழுகிக்கொண்டிருந்ததால் அதையும் கழற்றிப் புதுசு போட்டார்கள். அது பழைய ஜி.ஐ. இரும்பு பைப், இந்த வீடு கட்டிய காலத்தில் போட்டது. அன்று சாயங்காலம் குழாயில் காபி நிறத்தில் தண்ணீர் வந்தது. பத்து நிமிடம் திறந்துவிட்டேன், தெளிந்துவிட்டது, அதோடு மறந்துவிட்டேன். அடுத்த 23 நாள் பட்ட பாட்டுக்கு அந்தக் காபித் தண்ணீர்தான் ஆரம்பம் என்று கடைசி நாளில்தான் எனக்குப் புரிந்தது.

மூன்றாம் நாள் கீசரில் தண்ணீர் மெல்லிசாக வர ஆரம்பித்தது. சின்னக் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தால் எப்போதும் ஒரு சாண் அகலத்துக்கு நீலமாக எரிகிற நெருப்பு விரலளவுக்கு எரிந்துகொண்டிருந்தது. நெருப்பு சின்னது என்றால் கேஸ் தீர்ந்துவிட்டது என்றுதானே நினைப்போம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். கீசருக்குத் தனி சிலிண்டர் வைத்திருக்கிறோம், அதைக் கழற்றிவிட்டு சமையலறையில் இருந்த நிறைந்த சிலிண்டரைத் தூக்கி வந்து மாட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை. அப்படியானால் ரெகுலேட்டர்தான் என்று முடிவு செய்து ரெகுலேட்டரும் ரப்பர் டியூபும் மாற்றினேன், 540 ரூபாய். அதற்கும் நெருப்பு பெரிதாகவில்லை.

நான் அந்த நேரத்தில் பார்த்திருக்க வேண்டிய ஒன்று கண்ணெதிரே இருந்தது. தண்ணீர் மெல்லிசாக வந்தது, ஆனால் வந்த தண்ணீர் நல்ல சூடாகத்தான் இருந்தது. கேஸ் போதவில்லை என்றால் தண்ணீர் தாராளமாக வரும், வெதுவெதுப்பாக வரும். தண்ணீர் ஒல்லியாக வந்து சூடு குறையாமல் இருந்தால் கோளாறு தண்ணீர் பக்கம். இந்த வகை கீசர் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறது என்று எண்ணுகிறது. அதைவைத்து எவ்வளவு கேஸ் விட வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுகிறது, பிறகு வெளியே வருகிற சூட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறது. பாதித் தண்ணீர் வந்தால் பாதி நெருப்புதான் எரியும். அது பழுதே இல்லை, மெஷின் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. சின்ன நெருப்பைப் பார்த்து நான் சிலிண்டரைத் தூக்கியது, பானையில் அரிசி கம்மி என்பதைப் பார்க்காமல் அடுப்பைக் குறை சொன்ன மாதிரி.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு வாளியும் கடிகாரமும் போதும். பின்னால் கீசர் வேலை தெரிந்த ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்து நான் செய்தது இது. கீசரை அணைத்துவிட்டு, வெந்நீர்க் குழாயை முழுசாகத் திறந்து 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். அதே பாத்ரூமில் அதே உயரத்தில் இருக்கிற பச்சைத்தண்ணீர்க் குழாயிலும் அதே வாளியைப் பிடியுங்கள். 600ஐ அந்த விநாடியால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். எங்கள் வீட்டில் பச்சைத்தண்ணீர் 75 விநாடியில் நிறைகிறது, அதாவது நிமிடத்துக்கு 8 லிட்டர். கோளாறாக இருந்த அந்த நாட்களில் வெந்நீர்க் குழாய் 200 விநாடி எடுத்திருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அத்தையின் வாளி நிறைய மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. அது நிமிடத்துக்கு 3 லிட்டர். கீசரோடு வந்த புத்தகத்தில், 2.5 லிட்டருக்குக் கீழே போனால் பற்றாது என்று போட்டிருக்கிறது. விளிம்பில் நின்றுகொண்டிருந்தோம். கீழ் வீட்டில் யாராவது குழாயைத் திறந்தால் எங்களுக்கு அணைந்துவிடும்.

இரண்டு குழாயும் ஒரே மாதிரி மெல்லிசாக வந்தால் டேங்க்கிலோ மெயின் பைப்பிலோ பிரச்சனை, கீசரைத் தொடவே வேண்டாம். டேங்க் உயரமும் ஒரு கணக்கு. குழாயைவிட டேங்க் ஒவ்வொரு மீட்டர் உயரத்தில் இருந்தாலும் சுமார் 0.1 பார் அழுத்தம் கிடைக்கும். எங்களுக்கு ஐந்து மீட்டர், அதனால் 0.5 பார். மேல் மாடியில் இருப்பவர்களுக்கு அதில் பாதிகூட வராது, அவர்களுக்கு எல்லாம் சுத்தமாக இருந்தாலும் கீசர் தடுமாறலாம். பச்சைத்தண்ணீர் நன்றாக வந்து வெந்நீர் மட்டும் மெல்லிசு என்றால் அடைப்பு கீசருக்குள்ளேயோ அதன் வாசலிலேயோ.

அந்த வாசலில் இருப்பதுதான் இன்லெட் ஃபில்டர். பச்சைத்தண்ணீர் கீசருக்குள் நுழைகிற இடத்தில், நட்டுக்கு உள்ளே, விரல்நுனி அளவில் தொப்பி மாதிரி ஒரு கம்பி வலை. முதலில் வந்த மெக்கானிக் தம்பி அதைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார். பக்கத்துத் தெருவில் மிக்ஸி, வாஷிங் மெஷின் எல்லாம் பார்க்கிறவர். கழற்றிக் காட்டினார், வலை முழுக்கத் துருவும் மண்ணும் அப்பி, பீட்ரூட் சட்னியை வடிகட்டின மாதிரி இருந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் அவர் அதைக் கழுவவில்லை. "இது இருந்தா திரும்பத் திரும்ப அடைச்சிக்கும்க்கா, இல்லாமயே நல்லா ஓடும்" என்று பால்கனி மூலையில் இருந்த குப்பைக்கூடையில் போட்டுவிட்டார். தண்ணீரும் அருவி மாதிரி வந்தது. 600 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். நானும் சந்தோஷமாகக் கொடுத்தேன். அத்தை அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

ஐந்து நாள் நன்றாக ஓடியது. ஆறாம் நாள் காலை ஐந்தரைக்கு அத்தை தலையில் சீயக்காய் தேய்த்துவிட்டு ஷவரில் நிற்கும்போது பட்டென்று பச்சைத்தண்ணீர். "இன்னாம்மா, ஆஃப் பண்ணிட்டியா?" என்று உள்ளே இருந்து குரல். நான் ஓடி வந்து பார்த்தால் கீசர் அணைந்து கிடக்கிறது. இரண்டு விநாடியில் தானாகவே டிக் டிக் என்று பற்றிக்கொண்டது. அரை நிமிடம் எரிந்தது, மறுபடி அணைந்தது. அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டு நின்றார். அன்று முழுக்க அவரால் கீழே இறங்க முடியவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கும் பயத்துக்கும் அளவில்லை. ஒருவேளை வழுக்கி விழுந்திருந்தால் என்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. அடுத்த இரண்டு வாரமும் அண்டாவில் அடுப்பில் வெந்நீர் போட்டு நானே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். கொதிக்கிற தண்ணீரோடு ஈரத் தரையில் நடப்பது எவ்வளவு ஆபத்து என்பது எனக்குத் தெரியும், ஆனால் வேறு வழி தெரியவில்லை.

இரண்டாவது மெக்கானிக் வேறு இடத்திலிருந்து வந்தார். தண்ணீர் நன்றாக வருகிறது, கேஸ் வருகிறது, பொறி வருகிறது, ஆனாலும் அணைகிறது, அப்படியானால் சர்க்யூட் போர்டு போயிருக்கிறது என்றார். 3,400 ரூபாய். போர்டு வரும்வரை நாலு நாள் காத்திருந்தேன், அவர் வருகிற அன்று ஆபீசில் அரை நாள் லீவு போட்டேன். மாற்றினார். பற்றியது, எங்கள் கண்முன்னால் ஐந்து நிமிடம் எரிந்தது, பணம் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை மறுபடி அதே கதை. போன் செய்தால், பத்து நாளில் வருகிறேன், இல்லையென்றால் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா என்றார்.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்த 3,400 மிச்சமாகியிருக்கும். அணையும்போது முன்னால் இருக்கிற எண்ணில் என்ன வருகிறது என்பதுதான் அந்தக் கேள்வி. எங்கள் கீசரில் கேஸ் வராமலோ பொறி பற்றாமலோ நெருப்பு அணைந்தால் E1 என்று காட்டும், பிறகு குழாயை மூடித் திறக்கிறவரைக்கும் பற்றாது. எழுத்து கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உங்கள் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை. குழாயை மூடினால் எப்படி அமைதியாக அணையுமோ அப்படியே அணைந்தது, விசிறி கொஞ்ச நேரம் ஓடி நின்றது, பிறகு தானாகப் பற்றிக்கொண்டது. அதாவது மெஷினைப் பொறுத்தவரை எந்தத் தவறும் நடக்கவில்லை, குழாயை யாரோ மூடிவிட்டார்கள் என்று அது நினைக்கிறது. தண்ணீர் தாராளமாகக் கொட்டும்போது அது அப்படி நினைக்கிறது என்றால், தண்ணீரை எண்ணுகிற உறுப்பு எண்ணவில்லை என்று பொருள். பிழை எழுத்து வராமல் அணைவது எவ்வளவு பெரிய துப்பு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இதைக் கண்டுபிடித்தவர் மூலக்கொத்தளம் பக்கம் ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவர்தான். நான் அங்கே போனது வாளியில் போட்டு வெந்நீர் வைக்கிற எலெக்ட்ரிக் கம்பி வாங்க. அதைக் கேட்டதும், எதற்கும்மா, வயசானவங்க வீட்டில் அதெல்லாம் வேண்டாம் என்று தடுத்து, விஷயத்தைக் கேட்டார். முப்பது வருடம் கீசர் வேலை பார்த்தவர். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்தத் தம்பி வலையைக் குப்பையில் போட்டார் என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப அந்தத் துரு எங்க போச்சு? நேரா சென்சாருக்குள்ள தானம்மா போயிருக்கும்" என்றார். மறுநாள் காலை வந்துவிட்டார்.

வந்ததும் அவர் செய்த முதல் வேலை வாளியைப் பிடித்து நேரம் பார்த்தது. 105 விநாடி, அதாவது நிமிடத்துக்கு 5.7 லிட்டர். தண்ணீர் போதுமானது. பிறகு வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்து, பற்றாமல் நின்ற நேரத்தில் ஸ்பேனரின் பிடியால் இன்லெட் பைப்பை லேசாக இரண்டு தட்டு தட்டினார். உடனே பற்றியது. என்னைப் பார்த்துச் சிரித்தார். உள்ளே எதுவோ சிக்கிக்கொண்டிருக்கிறது, தட்டினால் விடுகிறது, போர்டுக்கு இதில் வேலையே இல்லை என்றார்.

ஃப்ளோ சென்சார் என்பது பைப்புக்குள் வைத்த ஒரு குட்டிக் காற்றாடி. தண்ணீர் போனால் சுற்றும். அந்தக் காற்றாடியில் காந்தம் இருக்கிறது, வெளியே ஒட்டியிருக்கிற சின்னச் சில்லு காந்தம் தன்னைக் கடக்கும்போதெல்லாம் போர்டுக்கு ஒரு துடிப்பு அனுப்புகிறது. துடிப்பு வேகமாக வந்தால் தண்ணீர் அதிகம், மெதுவாக வந்தால் குறைவு, நின்றால் குழாய் மூடியாயிற்று, கேஸை நிறுத்து. அவ்வளவுதான் அதன் வேலை. இப்போது யோசித்துப் பாருங்கள், காந்தம் இருக்கிற இடத்துக்கு இரும்புத் துருத்தூள் வந்தால் என்ன ஆகும்? ஒட்டிக்கொள்ளும், போகவே போகாது, நாளுக்கு நாள் தாடி மாதிரி வளரும். வலை இருந்தவரை பெரிய துகள்கள் வாசலில் நின்றன, தண்ணீர் குறைந்தது, ஆனால் காற்றாடி பிழைத்திருந்தது. வலையை எடுத்த பிறகு தண்ணீர் கூடியது, காற்றாடி ஐந்து நாளில் திணற ஆரம்பித்தது. பழைய ஜி.ஐ. பைப் இருக்கிற நம் பக்கத்து வீடுகளில் இது எவ்வளவு சுலபமாக நடக்கும் என்று நினைத்தாலே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அவர் மூடியைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்துப் பார்த்ததையும் சொல்கிறேன். இது நீங்கள் செய்வதற்காக இல்லை. உள்ளே வீட்டுக் கரண்ட் ஓடுகிறது, பக்கத்திலேயே கேஸ், கை ஈரம். தெரிந்தவர்தான் தொட வேண்டும். ஆனால் வருகிற மெக்கானிக் இதைச் செய்கிறாரா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். சென்சாரிலிருந்து மூன்று வயர் போகிறது. சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே எங்கள் கீசரில் 5 வோல்ட் இருந்தது, அதாவது போர்டு சென்சாருக்குக் கரண்ட் கொடுக்கிறது, போர்டு நன்றாக இருக்கிறது. மஞ்சள் வயர்தான் துடிப்பு வருகிற வழி. காற்றாடி சுற்றினால் அந்த வயர் 0, 5 என்று மாறி மாறித் துடிக்கும், மீட்டர் அதைச் சராசரியாக்கி 2.5 பக்கம் காட்டும். தண்ணீர் ஓடும்போதே மீட்டர் 5இல் நின்றது. தட்டினார், 2.4 என்று வந்தது. மறுபடி 5இல் போய் உட்கார்ந்தது. எனக்கு எலெக்ட்ரிக்கல் ஒன்றும் தெரியாது, ஆனாலும் அந்த எண் நின்று போவதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

பிறகு பிளக்கைப் பிடுங்கி, சிலிண்டரை மூடி, தண்ணீரை மூடி சென்சாரைக் கழற்றினார். வெள்ளைத் துணியில் வைத்துப் பிரித்தார். காற்றாடியைச் சுற்றிக் கறுப்பாகக் குழைவாக ஒரு வளையம், ஈர மை மாதிரி. அதன் அச்சில் வெள்ளையாக ஒரு நூல் சுற்றிக்கொண்டிருந்தது. நூல் இல்லை, டெஃப்லான் டேப். புது கேட் வால்வு போட்டபோது மரையில் சுற்றிய டேப்பின் பிசிறு மொட்டைமாடியிலிருந்து எங்கள் கீசர்வரைக்கும் பயணம் செய்து வந்திருக்கிறது. பல் துலக்குகிற பழைய பிரஷால் தேய்த்து, ஒட்டும் டேப்பை வைத்து ஒற்றியெடுத்துத் துருத்தூளை நீக்கினார். காந்தத்திலிருந்து இரும்புத்தூளைத் தண்ணீர் மட்டும் ஊற்றிக் கழுவ முடியாது, ஒற்றித்தான் எடுக்க வேண்டும். ஊதினார், காற்றாடி விர்ரென்று சுற்றியது. அச்சு தேயவில்லை, அதனால் புது சென்சார் வேண்டாம் என்றார். மாற்ற வேண்டி வந்தால் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கிற எதையாவது வாங்கக் கூடாது, ஒரு லிட்டருக்கு எத்தனை துடிப்பு என்பது சென்சாருக்கு சென்சார் மாறும், போர்டு தப்பாக எண்ணும், உங்கள் மாடலுக்கான அதே பாகம்தான் வேண்டும் என்றும் சொன்னார்.

மாட்டிவிட்டு, கையோடு கொண்டு வந்திருந்த புது வலையை வாசலில் போட்டார். வலைக்கு 60 ரூபாய், அவருக்கு 400. மொத்தம் 460. அதோடு இதற்கு முன்னால் நான் கொடுத்த 540, 600, 3,400 எல்லாம் சேர்த்து 5,000. தேவைப்பட்டது 460தான். முதல் நாளே வலையைக் கழுவியிருந்தால் அந்த 460கூட ஆகியிருக்காது.

வலையைக் கழுவுவதை அவர் என் கையாலேயே செய்ய வைத்தார். கீசர் மூடியைத் திறக்கத் தேவையில்லை என்பதால் இதை வீட்டில் யாரும் செய்யலாம். முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும், ரெகுலேட்டரை மூட வேண்டும், கீசருக்குப் போகிற பச்சைத்தண்ணீரின் ஆங்கிள் காக்கை மூட வேண்டும். அப்புறம் பாத்ரூமில் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டால் உள்ளே இருக்கிற அழுத்தம் இறங்கிவிடும். இதைச் செய்யாமல் நட்டைக் கழற்றினால் முகத்தில் அடிக்கும். கீழே ஒரு வாளி வைத்துக்கொண்டு வளைகிற கனெக்‌ஷன் பைப்பின் நட்டை ஸ்பேனரால் கழற்ற வேண்டும். கேஸ் பைப்பும் பக்கத்திலேயே இருக்கும், அதைத் தொடக் கூடாது. எது எது என்று தெரியாவிட்டால் ஆங்கிள் காக்கிலிருந்து கையை வைத்துத் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். நட்டு வந்ததும் உள்ளே வலை தெரியும், மூக்குக் குறடால் நேராக இழுத்தால் வரும். பிரஷ் வைத்து உள்பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி குழாயடியில் கழுவ வேண்டும். வெள்ளையாகக் கல் பிடித்திருந்தால் வினிகரில் அரை மணி ஊறவிட்டால் போய்விடும், ஊசியால் குத்தினால் வலை கிழியும். திரும்பப் போடும்போது ரப்பர் வாஷர் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, நட்டைக் கையால் முடிந்தவரை முறுக்கிவிட்டு ஸ்பேனரால் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். தண்ணீரைத் திறந்து, உலர்ந்த காகிதத்தை நட்டைச் சுற்றிப் பிடித்து ஈரம் வருகிறதா பார்த்துவிட்டுத்தான் கரண்ட் போட வேண்டும். எனக்கு முதல் தடவை அரை மணி ஆனது, இப்போது பத்து நிமிடம்.

நடுவில் அணைகிறது என்றால் எல்லாமே சென்சார் இல்லை, இதையும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஷவரில் வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து குளிக்கிறவர்கள் கீசரை 55, 60 என்று வைத்துவிட்டுப் பச்சைத்தண்ணீரை அதிகம் திறப்பார்கள். ஷவரிலிருந்து மொத்தம் வருகிற தண்ணீரில் பெரும்பங்கு பச்சைத்தண்ணீராகிவிட்டால் கீசர் வழியாக ஓடுவது 2.5 லிட்டருக்குக் கீழே போய்விடும், அணைந்துவிடும். என் பையனுக்கு இது நடந்துகொண்டிருந்தது, நான் அதையும் பழுது என்று நினைத்தேன். இப்போது 42 டிகிரியில் வைத்துவிட்டு வெந்நீரை மட்டும் திறக்கிறோம், கலப்பதில்லை. இன்னொன்று, தொடர்ந்து 20 நிமிடம் ஓடினால் பாதுகாப்புக்காகத் தானாக அணைகிற கீசர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் அணைந்தால் அது கோளாறு இல்லை, குழாயை மூடித் திறந்தால் பற்றும்.

பேட்டரி போடுகிற வகை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவற்றில் பெரும்பாலும் காற்றாடி சென்சார் இருக்காது, தண்ணீரின் அழுத்தத்தில் நகர்கிற ரப்பர் டயஃப்ரமும் அது தட்டுகிற மைக்ரோ ஸ்விட்சும் இருக்கும். வலை அடைத்தால் அங்கேயும் இதே மாதிரி நெருப்பு சிறுக்கும், அணையும், வலையைக் கழுவுவதும் இதே முறைதான். பேட்டரி பழசாகியிருந்தாலும் நடுவில் அணையும் என்பதால் முதலில் இரண்டு புது பேட்டரி போட்டுப் பார்க்கலாம். ஆனால் மெக்கானிக் யாராவது "ஸ்விட்சை டைரக்ட் பண்ணிடறேன்" என்றால் விடாதீர்கள். டைரக்ட் என்றால் தண்ணீர் இல்லாவிட்டாலும் நெருப்பு எரியும். தண்ணீர் நின்ற பைப்பை அடியில் நெருப்பு வைத்துக் காய்ச்சினால் ஆவி கட்டி என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நெருப்பு பலவீனமாக இருப்பதைப் பற்றி எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. நான் இதுவரை சொன்னதெல்லாம் நெருப்பு சின்னதாக, ஆனால் நீலமாக இருக்கும்போது. மஞ்சளாக எரிந்தால், கரி படிந்தால், குளித்து வருகிறவருக்குத் தலை வலித்தால், வலையைத் தேடிக்கொண்டிருக்காமல் சிலிண்டரை மூடிவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். காற்று போதாமல் எரிகிறபோது கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனை கிடையாது. அத்தை குளிர் தாங்காமல் பால்கனி ஜன்னலைச் சாத்தச் சொல்லி எவ்வளவோ கேட்டார், நான் சாத்தவில்லை. பாத்ரூமுக்கு உள்ளே கீசரை மாட்டியிருப்பவர்கள் முதலில் அதை வெளியே எடுக்க ஏற்பாடு செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஹவுஸ் ஓனர் அண்ணனிடம் போய் அந்தக் கறுப்பு மையைக் காகிதத்தில் மடித்துக் காட்டினேன். நல்ல மனிதர், மொட்டைமாடியிலிருந்து எங்கள் தளம்வரை பைப்பை மாற்றித் தருகிறேன் என்றிருக்கிறார், சித்திரைக்குப் பிறகு. அதுவரைக்கும் கீசருக்கு முன்னால் பித்தளையில் ஒரு அரை இஞ்ச் ஒய் ஃபில்டர் போட்டுக்கொண்டோம், வலையின் கண் ரொம்ப நுண்ணியதாக வேண்டாம், இந்த அழுத்தத்தில் தண்ணீரே குறைந்துவிடும் என்று பெரியவர் சொன்னபடி பார்த்து வாங்கினோம். கீழே இருக்கிற மூடியைத் திறந்தால் குப்பை வந்துவிடும், ஸ்பேனர் வேலைகூட கீசரில் இல்லை. டேங்க் கழுவினால், பைப்பில் யாராவது கைவைத்தால், அன்றைக்குக் கீசரின் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு மற்ற குழாய்களில் தண்ணீர் தெளிகிறவரைக்கும் விடுகிறேன், அதற்குப் பிறகுதான் கீசருக்குத் திறக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒய் ஃபில்டரைத் திறந்தபோது அரை ஸ்பூன் துரு வந்தது. உள்ளே இருக்கிற வலை சுத்தமாக இருந்தது. வாளி 108 விநாடியில் நிறைந்தது, கீசரின் பக்கவாட்டில் ஸ்கெட்ச் பேனாவால் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். 150ஐத் தொட்டால் ஸ்பேனரை எடுக்க வேண்டும் என்பது கணக்கு.